நான்காவது செல்லின் கிராவிட்டி

இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்க்க வரும் மெக்கானிக்கின் பையில் பெரும்பாலும் இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று மல்டிமீட்டர். மற்றது, தலையில் ரப்பர் குமிழும் உள்ளே கண்ணாடி மிதவையும் கொண்ட ஹைட்ரோமீட்டர். வீட்டுக்காரர் மல்டிமீட்டரைத்தான் நம்புவார். அதில் எண் பளிச்சென்று தெரியும், ஆசிட் சொட்டாது, சட்டையில் ஓட்டை விழாது. ஆனால் ட்யூபுலர் பேட்டரியில் ஆறு செல்களில் ஒன்று மட்டும் சோர்ந்துபோயிருந்தால், அதை மூடிமறைப்பது அந்த மல்டிமீட்டர்தான்.

கணக்கு எளிது. ஓய்வில் இருக்கும் ஒரு செல்லின் வோல்ட்டை, அதன் ஆசிட் அடர்த்தியோடு 0.84-ஐக் கூட்டி ஏறக்குறைய அறிந்துகொள்ளலாம். நம் ஊர் ட்யூபுலர் பேட்டரிகள் முழு சார்ஜில் 27 டிகிரி வெப்பத்தில் 1.240 அடர்த்தி காட்டும்படி பொதுவாகச் செய்யப்படுகின்றன. பட்டறையில் இதைக் ‘கிராவிட்டி 1240’ என்பார்கள். அப்படியானால் ஒரு செல்லுக்கு 2.08 வோல்ட், ஆறுக்கும் சேர்த்து 12.48. இப்போது ஒரு செல் மட்டும் 1195-க்கு இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அதன் வோல்ட் 2.035, பேட்டரி மொத்தமாக 12.43. வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்கும் கீழே. சார்ஜரை நிறுத்தி ஒரு மணி நேரமா, ஆறு மணி நேரமா என்பதைப் பொறுத்தே இதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம் வரும். ‘வோல்ட் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போகலாம், பொய்யும் ஆகாது.

பழைய காலத்து பேட்டரிகளில் செல்களை இணைக்கும் ஈயப் பட்டைகள் மேலே வெளிப்படையாகத் தெரியும். ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் தனித்தனியாக அளக்க முடிந்தது. இப்போதைய பேட்டரிகளில் அந்த இணைப்புகள் மூடிக்கு அடியில், தடுப்புச் சுவரின் ஊடாகவே போய்விடுகின்றன. வெளியே தெரிவது ப்ளஸ், மைனஸ் என்று இரண்டே முனைகள். ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பார்க்க மிச்சமிருக்கும் வழி, ஃப்ளோட் வைத்த அந்த ஆறு மூடிகள். ஹைட்ரோமீட்டரின் முதல் பலம் இதுதான்.

இரண்டாவது பலம், அது அளப்பது வேதிவினையையே. பேட்டரி டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆசிடில் உள்ள சல்ஃபேட் பிளேட்டுகளுக்குள் போகிறது, கரைசலில் தண்ணீர் கூடுகிறது, அடர்த்தி குறைகிறது. சார்ஜ் ஏறும்போது சல்ஃபேட் திரும்பி ஆசிடுக்கு வருகிறது. ஆகவே 1240-க்குப் போக வேண்டிய செல் 1195-இல் நின்றால், திரும்பி வர வேண்டிய சல்ஃபேட் ஏதோ காரணத்தால் வரவில்லை என்று பொருள். அல்லது ஆசிடே அந்த அறையில் இல்லாமல் போயிருக்க வேண்டும்.

அந்தக் காரணம் எதுவென்று சொல்லும் திறன் ஹைட்ரோமீட்டருக்குக் கிடையாது. அதன் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது. அதைக் கையாளும் விதத்தில் வேறு குறைகளும் உண்டு.

கடைகளில் கிடைக்கும் மலிவான மிதவைகளில் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று பட்டை அடித்திருப்பார்கள். அந்தப் பட்டைகள் பெரும்பாலும் கார் பேட்டரியை மனதில் வைத்துப் போடப்பட்டவை. அங்கே முழு சார்ஜ் 1280-ஐ ஒட்டி வரும். 1240-இல் முழுமையாக இருக்கும் ட்யூபுலர் செல்லை அந்த மிதவை ‘பாதிதான்’ என்று காட்டும். அதை நம்பி ஆசிட் ஊற்றியவர்கள் உண்டு. கிராவிட்டி குறைவாக வைத்திருப்பது சிக்கனத்துக்காக அல்ல. வெயில் ஊரில் பல வருடம் தாக்குப்பிடிக்க வேண்டிய பேட்டரியில், பிளேட்டை அரிக்காத அளவுக்கு ஆசிட் மென்மையாக இருக்க வேண்டும். அந்தக் குறைவை ஈடுசெய்யத்தான் பெட்டி அவ்வளவு உயரமாக, ஆசிட் அதிகமாகப் பிடிக்கும்படி செய்யப்படுகிறது.

அந்த உயரமே அளவீட்டுக்கு எதிரியும் ஆகிறது. கனமான ஆசிட் அடியில் தங்கும், ஊற்றிய டிஸ்டில்டு வாட்டர் மேலே நிற்கும். ஹைட்ரோமீட்டரின் குழாய் எட்டுவதோ மேல் அடுக்குக்கு மட்டும். காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு மதியம் அளந்தால், நன்றாக இருக்கும் செல்லும் நோயாளிபோலத் தெரியும். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது அளந்தால் வாயுக் குமிழிகள் மிதவையில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிக் காட்டும். வெப்பமும் உண்டு: 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அளவு 0.0007 குறையும். மே மாதத்தில் 37 டிகிரி ஆசிடை அளந்தால் 7 புள்ளி காணாமல் போயிருக்கும்.

இத்தனை பிழைகளை அடுக்கினால், இந்தக் கருவியை ஏன் கையில் எடுக்க வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்பப் பிழையும், மிதவையின் சொந்தப் பிழையும் ஆறு செல்களையும் ஒரே அளவில் பாதிக்கின்றன. ‘இந்த பேட்டரி 1240’ என்ற தனி எண்ணைச் சந்தேகிக்கலாம். ‘நான்காவது செல் மற்றவற்றைவிட 45 புள்ளி கீழே’ என்பதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. எல்லாச் செல்லிலும் ஒரே நாளில், ஒரே கருவியால், தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் எடுத்திருந்தால் போதும். செல்களுக்கு இடையே 50 புள்ளி வித்தியாசம் வந்தால் பேட்டரி போயிற்று என்பது கார் பட்டறைகளின் பழைய விதி. ட்யூபுலர் பேட்டரிக்கு அவ்வளவு தூரம் காத்திருப்பது தாமதம். 25 புள்ளியைத் தாண்டும்போதே அந்தச் செல்லின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைப்பது நல்லது.

ஒரு பேட்டரியை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். 150 ஆம்பியர் ஹவர், நான்கு வயது. ‘முன்பெல்லாம் மூன்று மணி நேரம் ஓடும், இப்போது ஒரு மணியிலேயே கத்துகிறது’ என்பது புகார். ப்ளஸ் பக்கத்திலிருந்து அளவுகள்: 1240, 1235, 1240, 1195, 1240, 1235. ஐந்து செல்கள் ஏறக்குறைய முழுதாக இருக்கின்றன. அப்படியிருந்தும் பேக்கப் ஏன் இவ்வளவு சரிந்தது?

செல்கள் வரிசையில் கோக்கப்பட்டிருப்பதால் ஒரே கரண்ட் ஆறிலும் ஓடியாக வேண்டும். மின்விசிறிகளும் விளக்குகளும் இழுக்க இழுக்க, ஐந்து செல்கள் 1.97 வோல்ட்டில் சுகமாக நிற்கும்போது நான்காவது செல் சரக்குத் தீர்ந்து 0.6 வோல்ட்டுக்கு விழுகிறது. கூட்டினால் 10.45. பல இன்வெர்ட்டர்கள் 10.5-ஐ ஒட்டி நின்றுவிடுபவை. ஐந்து செல்களில் சார்ஜ் மீதம் இருக்கும்போதே வீடு இருட்டாகிறது.

சார்ஜ் ஏறும்போது பாதிப்பு வேறு வகையில் வரும். இன்வெர்ட்டர் 14.4 வோல்ட்டை மொத்தமாகத்தான் பார்க்கிறது, செல் செல்லாக அல்ல. நான்காவது செல் 2.1-க்கு மேல் ஏற மறுத்தால், மீதி 12.3 வோல்ட்டை ஐந்து செல்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். தலைக்கு 2.40 வர வேண்டிய இடத்தில் 2.46 வருகிறது. அந்த ஐந்தும் அதிகமாகக் கொதித்து, சீக்கிரம் தண்ணீர் இழக்கின்றன. இங்கே ஹைட்ரோமீட்டர் இல்லாத வீட்டுக்காரருக்கும் ஒரு தடயம் கிடைக்கிறது. ஐந்து ஃப்ளோட்டுகள் இறங்கிக்கொண்டே இருக்க, ஒன்று மட்டும் மாதக் கணக்கில் மேலேயே நிற்கும். ‘இந்தச் செல் தண்ணியே குடிக்காது, நல்ல செல்’ என்று சிலர் அதைப் பெருமையாகச் சொல்வதும் உண்டு. வாயு விடாத செல் தண்ணீர் கேட்காது என்பதுதான் அங்கே நடப்பது.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பழக்கம் இரண்டாகப் பிரிகிறது, இரண்டும் அவசரம். ஒரு சாரார் ‘செல் போயிடுச்சு, மாத்திடுங்க’ என்று பழைய பேட்டரிக்கு எக்ஸ்சேஞ்ச் விலை பேசத் தொடங்குவார்கள். மறு சாரார் அந்தச் செல்லில் கொஞ்சம் ஆசிடை உறிஞ்சி எடுத்துவிட்டு கடும் ஆசிட் ஊற்றி, மிதவையை 1240-க்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். இரண்டாவது வேலை முதலாவதைவிடக் கெடுதல். சல்ஃபேட் பிளேட்டிலேயே படிந்து கிடக்க, கரைசலில் மட்டும் புது ஆசிட் சேர்ந்திருக்கிறது. எண் சரியாகிவிட்டது, பேக்கப் சரியாகவில்லை. போதாததற்கு, அடுத்த முறை அளக்க வருபவருக்கு உண்மை தெரியும் வழியும் அடைபட்டுவிட்டது.

செய்ய வேண்டியது, பேட்டரியை இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிப் பட்டறையில் மெதுவாக முழு சார்ஜ் போடுவது. 150 ஆம்பியர் ஹவருக்கு 7 ஆம்பியர் அளவில், எல்லாச் செல்களும் நன்றாக வாயு விட்டு, மணிக்கொரு முறை எடுத்த அளவு தொடர்ந்து மூன்று முறை மாறாமல் நிற்கும்வரை. அப்போது பேட்டரி முனையில் 16 வோல்ட் வரை ஏறும். வீட்டு இன்வெர்ட்டர் 14.4-ஓடு நின்றுவிடுவதால் இந்தக் கடைசிப் பகுதியை அது தொடுவதே இல்லை. செல்களுக்கு இடையே வேற்றுமை சேருவதற்கு அதுவும் ஒரு காரணம். வாயு விடும்போது ஆசிட் கலங்கி அடுக்கும் கலைந்துவிடும். பிறகு சில மணி நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி ஆறையும் அளக்க வேண்டும்.

நான்காவது செல் இப்போது 1235-க்கு வந்து, வாரம் கழிந்தும் அங்கேயே நின்றால், அது பட்டினி கிடந்த செல். நோய் வேறெதுவும் இல்லை. மற்றவற்றைப் போலவே வாயு விடுகிறது, ஆனால் 1200-க்கு மேல் அசையவில்லை என்றால், என்றோ அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றி ஆசிட் வழிந்து போயிருக்கலாம். மூடியைச் சுற்றி வெள்ளைப் பூப்பும் ஸ்டாண்டில் அரிப்பும் அதற்குச் சாட்சி. இந்த ஒரு நிலையில் மட்டும், முழு சார்ஜுக்குப் பின் ஆசிட் சேர்த்துச் சரிசெய்வது நியாயம். சார்ஜில் வாயுவே விடாமல் சூடு மட்டும் ஏறினால், அல்லது 1225 வரை ஏறிய செல் சும்மா வைத்திருந்த பத்து நாளில் 1200-க்கு இறங்கினால், உள்ளே பிளேட்டுக்குப் பிளேட் கசிவு இருக்கிறது. ட்யூபுலரில் ப்ளஸ் பக்கத்துச் சரக்கு உறைக்குள் அடைபட்டிருப்பதால் உதிர்வு குறைவு. ஆனாலும் நான்கைந்து வருடத்தில் பிரிப்பான் கிழிந்தோ, ஓரத்தில் ஈயம் பாசிபோல வளர்ந்தோ இணைந்துவிடுவது உண்டு. அதற்கு மருந்து இல்லை.

அளப்பவரே நோயை உண்டாக்குவதும் நடக்கிறது. ஒரு செல்லில் உறிஞ்சிய ஆசிடை அதே செல்லில் விடாமல், பேச்சு மும்முரத்தில் அடுத்த செல்லில் விட்டுவிடுவார்கள். ஒரு முறைக்குச் சிறு அளவுதான். ஒவ்வொரு சர்வீஸிலும் அது நடந்தால், முதல் செல் மெலிந்து கடைசிச் செல் தடித்து, யாருக்கும் காரணம் பிடிபடாத ஒரு வரிசை கிடைக்கும்.

வாரண்டி கவுன்ட்டரில் இந்த அளவீடு படும் பாடு தனி. அங்கே பெரும்பாலும் ஒரே ஒரு முறை அளந்து முடிவெடுக்கிறார்கள். கொண்டுவரும்போது பேட்டரி பாதி சார்ஜில் இருந்தால் ஆறும் தாழ்ந்தே காட்டும், ‘சார்ஜ் போட்டுக் கொண்டுவாங்க’ என்று அனுப்பிவிடுவார்கள். தேதியிட்ட இரண்டு வரிசை எண்களோடு போனால் பேச்சு மாறும்: முழு சார்ஜ் முடிந்த அன்று எடுத்த ஆறு அளவுகள், பத்து நாள் சும்மா வைத்தபின் எடுத்த ஆறு. ஐந்து செல்கள் சில புள்ளிகளே இறங்கியிருக்க, நான்காவது 25 புள்ளி இறங்கியிருப்பது அந்தத் தாளிலேயே தெரியும். அதற்குப் பிறகும் நம்பாத கவுன்ட்டரில், 15 ஆம்பியர் லோடு கொடுத்து 10.8 வோல்ட்டுக்கு எத்தனை மணியில் இறங்குகிறது என்று பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்கலாம். நல்ல நிலையில் உள்ள 150 ஆம்பியர் ஹவர் பேட்டரி அதில் பத்து மணி நேரத்தை ஒட்டி நிற்க வேண்டும்.