ஐயத்தின் இலக்கணம்: புகலிடக் கோரிக்கை வாக்குமூலங்களின் மொழிபெயர்ப்பில் தயக்கமும் காலக்குறிப்பும்

திறவுச்சொற்கள்: வாக்குமூலம், புகலிடம், ஈழத்தமிழ், பேச்சுவழக்கு, மொழிபெயர்ப்பு

முன்னுரை

புகலிடம் கோருவோர் பலரிடம் தம் சொல்லன்றி வேறு சான்று இருப்பதில்லை. அச்சொல் நம்பத்தக்கதா என்பதை விசாரணை அலுவலர், முதல் நேர்காணலில் கூறியதும் பின்னர்க் கூறியதும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்து மதிப்பிடுகிறார். அவர் ஒப்பிடுவது கோருநரின் சொற்களை அல்ல, மொழிபெயர்ப்பாளரின் சொற்களை. தமிழில் ஐயமும் கேள்விப்பட்டதும் பெரிதும் இடைச்சொற்களாலேயே உணர்த்தப்படுகின்றன. அவற்றை வெறும் பேச்சு அசைகளாகக் கருதி நீக்கும்போது, தயங்கிச் சொன்னவர் உறுதியாகச் சொன்னவராகிவிடுகிறார். அந்தப் பொய்யுறுதியே பின்னர் முரண்பாடாக வெளிப்படுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒரு கூற்றும் அதன் பெயர்ப்பும்

ஈழத்தமிழர் வாக்குமூலங்களில் வரத்தக்க ஒரு கூற்றைச் சான்றாகக் கொள்வோம். இது விளக்கத்திற்காக அமைக்கப்பட்டது. எவருடைய வாக்குமூலமும் அன்று.

“பேந்து ஒரு மூண்டு கிழமை வைச்சிருந்தவை. தம்பியையும் கொண்டு போனவையாம்... ஆடி மாசமோ என்னவோ. அதுக்குப் பிறகு அவனைக் காணேல்லை.”

தமிழ்நாட்டு வழக்கு மட்டுமே பழகிய ஒருவர் இதனை விரைவாகப் பெயர்த்தால், பதிவில் அமையக்கூடிய கருத்து இது: “பிறகு இராணுவத்தினர் என்னை மூன்று நாள்கள் அடைத்து வைத்தார்கள். ஜூலை மாதம் என் தம்பியையும் பிடித்துச் சென்றார்கள். அதன்பின் நான் அவனைப் பார்க்கவில்லை.” வாக்கியங்கள் தெளிவாக உள்ளன, ஆனால் ஐந்து இடங்களில் பொருள் மாறியுள்ளது.

முதலாவது, ‘கிழமை’. ஆரணியை அடுத்த கண்ணமங்கலத்தில் ‘என்ன கிழமை?’ என்று கேட்டால் திங்களா செவ்வாயா என்பதே வினா. யாழ்ப்பாண வழக்கில் எண்ணுப்பெயரை அடுத்து வரும் ‘கிழமை’ வாரத்தைக் குறிக்கும். தமிழகச் செவி ‘மூண்டு கிழமை’ என்பதை மூன்று நாள் என்று கொள்ள, இருபத்தொரு நாள் காவல் மூன்று நாளாகச் சுருங்குகிறது.

இரண்டாவது, ‘ஒரு’. எண்ணுப்பெயருக்கு முன் நிற்கும் ‘ஒரு’ ஒருமையை உணர்த்துவதன்று. ‘ஏறத்தாழ’ என்னும் பொருளது. கண்ணமங்கலத்து நெசவாளர் ‘ஒரு பத்து நாள் ஆச்சு’ என்றாலும் இதுவே பொருள். அதனை விட்டால் மதிப்பீடு கணக்காகிவிடும்.

மூன்றாவது, ‘போனவையாம்’ என்பதன் ஈற்று ‘ஆம்’. தம்பி கொண்டுசெல்லப்பட்டதைப் பேசுபவர் நேரிற் கண்டிலர். பிறர் சொல்லக் கேட்டார் என்பதை இவ்வீறு காட்டுகிறது. அது விடுபட்டதும் கேள்விச் செய்தி கண்கண்ட சாட்சியமாகிறது.

நான்காவது, ‘ஆடி மாசமோ என்னவோ’. ஆடி, ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிவது. அதனை ‘ஜூலை’ என்பது பாதியைத் துறப்பதாகும். ‘ஓ’ என்னும் ஐயப்பொருள் இடைச்சொல்லும் இங்கே மறைந்துபோயிற்று.

ஐந்தாவது, எழுவாய். ‘வைச்சிருந்தவை’ என்னும் வினைமுற்று பலரைக் குறிக்கிறதேயன்றி, அவர் இன்னார் என்று கூறவில்லை. இராணுவமா, காவல்துறையா, வேறு ஆயுதக் குழுவா என்பது அலுவலர் கேட்டறிய வேண்டியது. மொழிபெயர்ப்பாளர் இட்டு நிரப்ப வேண்டியதன்று.

இரண்டாம் நேர்காணலில், ஈழ வழக்கறிந்த வேறொருவர் பெயர்க்க, அதே கோருநர் ‘இருபது நாளுக்கு மேல்’ என்றும், ‘ஆகஸ்ட் தொடக்கம்’ என்றும், ‘தம்பியைக் கொண்டுபோனதை நான் காணவில்லை, அம்மா சொன்னார்’ என்றும் கூறலாம். முதற்பதிவோடு ஒப்பிட்டால் மூன்று முரண்பாடுகள் தென்படும். அவர் கூறியதிலோ முரண்பாடு ஒன்றுமில்லை.

இக்கூற்றின் நேரிய பெயர்ப்பு இவ்வாறு அமையலாம்: “பிறகு ஏறத்தாழ மூன்று வாரம் வைத்திருந்தார்கள். தம்பியையும் கொண்டுபோனார்கள் என்று கேள்வி (இடைநிறுத்தம்). ஆடி மாதமோ என்னவோ. அதற்குப் பிறகு அவனைக் காணவில்லை.” ஆடியை அப்படியே நிறுத்தி, அதன் கால எல்லையைத் தனிக்குறிப்பாகத் தரலாம். யார் சொல்லக் கேட்டார் என்பதை மூலம் கூறாததால் பெயர்ப்பும் கூறலாகாது.

உணர்ச்சியும் இடக்கரடக்கலும்

பாலியல் வன்முறையைப் பற்றிப் பேசுவோர் ‘கெடுத்துப்போட்டாங்கள்’ என்பது போன்ற இடக்கரடக்கலைக் கையாள்வதுண்டு. இதனைச் சட்டச் சொல்லால் பெயர்த்தால், பேசுபவர் சொல்லத் துணியாததைச் சொன்னதாகிவிடும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலோ குற்றத்தின் கடுமை மறைந்துவிடும். அடக்கிய சொல்லை அடக்கிய சொல்லாகவே தந்து, ‘மூலச்சொல் இவ்வழக்கில் பாலியல் வன்முறையைக் குறிக்கவும் பயன்படும்’ என்று மொழிபெயர்ப்பாளர் தம் குரலில் அலுவலருக்கு அறிவிப்பதே பொருத்தம். மேற்கொண்டு கேட்பது அலுவலர் பொறுப்பு. ‘அழுதார்’, ‘அஞ்சினார்’ என்று எழுதுவதும் மொழிபெயர்ப்பாளர் பணியன்று. இடைநிறுத்தமும் முடிவுறாத் தொடரும் இருந்தபடியே பதிவாயினாலே போதும்.

தமிழிலிருந்து தமிழுக்கு

இச்சிக்கல் அயல்நாட்டு விசாரணைக்கு மட்டும் உரியதன்று. கண்ணமங்கலத்து நெசவாளர் ஒருவர் காவல்துறையிடம், ‘அந்தப் பாவு முடியற சமயம், ஒரு பத்து நாள் இருக்கும்’ என்று சொல்வதாகக் கொள்வோம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி (2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 180) எழுதப்படும் வாக்குமூலத்தில் இது நாள் குறித்த எழுத்துத் தமிழாக மாறக்கூடும். அதில் சாட்சி கையொப்பமிடுவதில்லை. ஆயினும் நீதிமன்றத்தில் அவர் முரண்பட்டதாகக் காட்ட அது பயன்படும். அமர்வு நீதிமன்றச் சாட்சியத்தையும் பொதுவாக உரைநடையாகவே பதிய வேண்டும் என்று பழைய சட்டத்தின் 276ஆம் பிரிவு கூறியது. வினா விடையாகப் பதிவது நீதிபதியின் விருப்புரிமை. தொடர் உரைநடையில், எவ்வினாவுக்கு எத்தயக்கம் எழுந்தது என்பது தெரிவதில்லை. சாட்சியின் நடத்தை குறித்த குறிப்பை நீதிபதி எழுத 280ஆம் பிரிவு இடமளித்தது. ஆனால் சொல்லுக்குள் உறையும் ஐயத்தை அக்குறிப்பு மீட்டுத் தராது.

பிழையை அறிதலும் அதன் எல்லையும்

1994இல் கனடா உச்சநீதிமன்றம் ‘டிரான்’ வழக்கில், நீதிமன்ற மொழிபெயர்ப்பு தொடர்ச்சி, துல்லியம், நடுநிலை, தகுதி, உடனிகழ்வு ஆகிய ஐந்தும் உடையதாக இருக்க வேண்டும் என்றது. 1999இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சிங்களம் பேசிய இலங்கையர் ஒருவரின் புகலிட வழக்கில் நீதிபதி கென்னி, தீர்ப்பாயத்தில் நிகழ்ந்த மொழிபெயர்ப்பு போதாதது எனக் கண்டார். வினாவுக்குப் பொருந்தாத விடை, கோவையற்ற தொடர் ஆகியவற்றைப் பெயர்ப்புக் குறையின் அடையாளங்களாகக் கொள்ளலாம் என்பது இவ்வழக்கு தரும் பாடம்.

இங்கு ஆராய்ந்த பிழைகளுக்கோ அந்த அடையாளம் பொருந்தாது. ‘மூன்று நாள்’ வினாவுக்குப் பொருந்தும் விடை. ‘ஜூலை’ கோவையான விடை. பதிவு சீராக இருப்பதே இப்பிழையை மறைக்கிறது. ஒலிப்பதிவு இருந்தால் மட்டுமே, ‘ஆம்’ விடுபட்டதைப் பின்னர் எவரேனும் கேட்டறிய இயலும். நேர்முக மொழிபெயர்ப்பில் மற்றொரு குழப்பமும் உண்டு: மொழிபெயர்ப்பாளர் தாமே சொல் தேடித் தயங்கினால், தயக்கம் எவருடையது என்பதை அலுவலர் பிரித்தறிய முடியாது. தம் தயக்கத்தை அவர் தம் குரலில் வெளிப்படையாக அறிவிப்பதே இதற்கு வழி.

முடிவுரை

வாக்குமூலப் பெயர்ப்பில் நிகழ்ச்சிகளைச் சரியாகக் கடத்தினால் மட்டும் போதாது. பேசுபவர் ஒவ்வொன்றையும் எவ்வளவு உறுதியோடு அறிந்திருந்தார் என்பதையும் கடத்த வேண்டும். தமிழில் அந்த அளவை ‘ஒரு’, ‘ஓ’, ‘ஆம்’ ஆகிய சிறுசொற்கள் தாங்குகின்றன. மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் கலைச்சொற் பட்டியலுக்கு முன்னதாக இடைச்சொற்களும் ஈழ வழக்கும் தமிழக வழக்கும் வேறுபடும் காலப்பெயர்களும் இடம்பெற வேண்டும்.