ஜயமங்கல காதையும் தமிழ்ச் சந்தமும்

சிங்கள பௌத்த மக்களின் திருமணத்தில் மணமக்கள் பொருவ என்னும் அலங்கரித்த மேடைமீது நிற்க, வெள்ளாடை அணிந்த சிறுமியர் கூடிநின்று ஜயமங்கல காதையைப் பாடுதல் வழக்கம். அதன் மொழி சிங்களமன்று, பாளியாகும். 8 பாடல்களும் புத்தபிரான் பெற்ற 8 வெற்றிகளைக் கூறுவன. மாரன் படையோடு வந்தமை, ஆளவகன் என்னும் யக்கன், நாளாகிரி என்னும் மதயானை, அங்குலிமாலன், பழி சுமத்திய சிஞ்சா, வாதுக்கு வந்த சச்சகன், நந்தோபநந்தன் என்னும் நாகம், பகன் என்னும் பிரமன் ஆகிய எட்டிலும் பெருமான் எவ்வழியால் வென்றார் என்பதே பொருள். மணத்தைப் பற்றியோ இல்லறத்தைப் பற்றியோ இவற்றில் ஒரு சொல்லேனும் இல்லை.

அங்ஙனமாயின் இது மணவாழ்த்தாவது எவ்வாறு? ஒவ்வொரு பாடலின் நான்காம் அடியும் மாறாது திரும்பி வருகின்றது. அவ்வாற்றலால் உனக்கு ஜயமங்கலங்கள் உண்டாகுக என்பது அதன் கருத்து. ‘உனக்கு’ என்னும் பொருள் தரும் ‘தே’ என்ற ஓரெழுத்துச் சொல்லே எட்டு வெற்றிகளையும் எதிரில் நிற்கும் மணமக்களோடு பிணைக்கின்றது. தமக்காக ஓதுவோர் அவ்விடத்து ‘மே’, அஃதாவது ‘எனக்கு’, என்று மாற்றி ஓதுவதும் உண்டு. இரண்டும் நெடிலாதலின் ஓசை கெடுவதில்லை. இக்காதையைத் தமிழிற் பெயர்ப்போன் முதலில் காக்க வேண்டியது எது என்பதை இவ்வழக்கே உணர்த்துகின்றது.

பொருளை மட்டும் பெயர்த்தல் எளிது. “அவ்வெற்றியின் ஆற்றலினால் உமக்கு ஜயமங்கலங்கள் உண்டாகுக” என்றெழுதினாற் குறையொன்றும் இல்லை. ஆனால் அதனைச் சிறுமியர் கூடிப் பாட இயலாது. பாட இயலாத வாழ்த்து வாழ்த்தின் விளக்கமாகுமேயன்றி வாழ்த்தாகாது. ஆகவே மூலத்தின் சந்தமும் உடன் வரவேண்டும்.

அச்சந்தம் வசந்ததிலகம் என்னும் விருத்தம். ஒற்று நீக்கி எண்ண ஓரடிக்கு 14 எழுத்து. நெடிலும் ஒற்றடுத்த குறிலும் குரு; தனிக்குறில் இலகு. தமிழ்ச் சந்தக் குழிப்பில் அதனைத் “தானா தனா தனதனா தனதான தானா” என அமைக்கலாம். குருவுக்கு 2 மாத்திரையும் இலகுவுக்கு 1 மாத்திரையுமாக அடிக்கு 21 மாத்திரை வரும். ஈற்றெழுத்து இலகுவாயினும் பாடுவோர் நீட்டிக் குருவாக்கிக் கொள்வர். எட்டாம் எழுத்தை அடுத்துச் சொல் முடிந்தால் மூச்சு நிறுத்தற்கு வசதியாம். மூலத்தின் நான்காம் அடி அவ்வாறே அமைந்துள்ளது.

எழுத்தெண்ணிப் பாடுதல் தமிழுக்குப் புதிதன்று. கட்டளைக் கலித்துறையில் நேரசை முதலாயின் 16, நிரையசை முதலாயின் 17 என்ற கணக்கு உண்டு. எனினும் அசையும் சீரும் மட்டும் பார்த்து எழுதுவோர் இங்கு வழுக்கி விழுவர். ஏனெனில் தமிழில் ‘ஜய’ என்பதும் நிரையசை. ‘ஜயம்’ என்பதும் நிரையசை. சந்தத்தில் முன்னது இரண்டு இலகு. பின்னது ஓர் இலகுவும் ஒரு குருவும். ‘ஜயமங்கலங்கள்’ என வரவேண்டிய இடத்தில் ‘ஜயம் மங்கலங்கள்’ என்றெழுதினால் அடிக்கு ஒரு மாத்திரை மிகும். ஏட்டிற் பார்க்கையில் இப்பிழை கண்ணுக்குப் புலப்படாது. பலர் சேர்ந்து பாடும்போது ஒருவர் முந்த ஒருவர் பிந்த, அவ்விடத்தே குரல் சிதறும். எனவே இத்தகைய பெயர்ப்பை அளக்கும் கோல் சீர் வாய்பாடு அன்று. திருப்புகழில் பயின்ற சந்தக் குழிப்பேயாகும்.

இனி, மூலப் புலவரே ஓசைக்காக எதை விட்டுக்கொடுத்தார் என நோக்குதல் பயன்தரும். ‘ஜயமங்கலானி’ பன்மை. அதற்குப் பயனிலையாக நிற்கும் ‘பவது’ ஒருமை. இலக்கணப்படி ‘பவந்து’ எனல் வேண்டும். ஆனால் ‘பவந்து’ என்றால் இலகு மூன்று தொடர வேண்டிய இடத்தில் நடுவெழுத்துக் குருவாகிவிடும். புலவர் எண்ணியலைபு ஒன்றை ஏற்று ஓசையைக் காத்தார். வாழ்த்தப்படுவோரையும் வாழ்த்தையும் அவர் கைவிடவில்லை. பெயர்ப்போனுக்கு இதுவே வழிகாட்டி: இலக்கணத்தில் சிறிது நெகிழலாம், வாழ்த்தின் உறுப்பை இழத்தல் ஆகாது.

இந்த அளவுகோலைக் கொண்டு நான்காம் அடிக்குத் தமிழில் இயலக்கூடிய மூன்று வடிவங்களை ஒப்பிடலாம்.

முதலாவது: “அவ்வாற்றலால் வருகவே ஜயமங்கலங்கள்.” சந்தம் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றது. எட்டாம் எழுத்தில் சொல்லும் முடிகின்றது. ‘வருக’ என்னும் வியங்கோள் ஐம்பாலுக்கும் பொதுவாதலின், மூலத்தில் உள்ள ஒருமை பன்மை மயக்கமும் இங்கே மறைந்துவிடுகின்றது. செவிக்கு இதனினும் இனிய அடி அமைதல் அரிது. ஆயினும் ‘உமக்கு’ என்பது போயிற்று. மங்கலம் யாருக்கு வருக? மேடையில் நிற்போருக்கா, பாடுவோருக்கா, உலகுக்கா? இவ்வடி எந்த விழாவிலும் பாடத்தகும், மணமேடைக்கென்று உரியதாகாது.

இரண்டாவது: “அந்தத் திறத்தினிலுமக்கு ஜயங்களாக.” இதில் ‘உமக்கு’ உண்டு, வியங்கோளும் உண்டு. ஆனால் மங்கலம் என்னும் சொல் மறைந்தது. மேலும் எட்டாம் எழுத்தாகிய ‘மக்’ என்பதோடு மூச்சு நின்றால் ‘உமக்கு’ என்ற சொல் இரண்டாகப் பிளக்கின்றது. காக்க விரும்பிய சொல்லே சிதைந்து ஒலிக்கின்றது.

மூன்றாவது: “தேசால் உமக்கு வருமே ஜயமங்கலங்கள்.” மூலத்தின் ‘தேஜஸ்’ தமிழிற் ‘தேசு’ என வழங்குவதே. நீர் என்பது பழந்தமிழிற் பன்மை; பின்னர் மரியாதை ஒருமையாகவும் நின்றது. ஆதலின் ‘உமக்கு’ என்பது மணமக்கள் இருவருக்கும் ஒருங்கே பொருந்துகின்றது. மூலத்தின் ‘தே’ ஒருமையாதலின், இவ்விடத்துத் தமிழ் மூலத்தினும் தெளிவுடையது. ‘வரும்’ என்னும் செய்யுமென் முற்றுப் பலவின்பாலுக்கும் உரியதாகையால் எண்வழுவும் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லத்தக்கன இரண்டு. ‘அந்த’ என்னும் சுட்டு விடுபட்டது என்பது ஒன்று. அக்குறையைத் தமிழின் பெயரெச்சம் நிரப்புகின்றது. மூலத்தில் எட்டுப் பாடல்களிலும் மூன்றாம் அடியின் இறுதி, முனிவர் தலைவன் வென்றான் என்ற கருத்தோடு ஒரே வகையாக முடிகின்றது. அதனை ‘முனிவேந்து வென்ற’ என முடித்தால் ‘வென்ற தேசால்’ என அடுத்த அடியோடு தானே இணைந்துவிடும், சுட்டு வேண்டுவதில்லை. பாளியில் இரண்டு வாக்கியமாய் நின்றது தமிழில் ஒன்றாகின்றது. மற்றையது, ‘உண்டாகுக’ என்ற வேண்டுதல் ‘வருமே’ என்ற உறுதியாக மாறியமை. இது மெய்யான இழப்பே. எனினும், பெரியோர் இளையோரை வாழ்த்துங்கால் ‘நன்றாயிருப்பாய்’ என எதிர்காலத்தாற் கூறும்போது அது சோதிடமாகக் கொள்ளப்படுவதில்லை, வாழ்த்தாகவே கொள்ளப்படுகின்றது. ஆதலின் இவ்விழப்பு முன்னைய இரண்டினும் சிறிது.

முதற் பாடலின் மூன்றாம் அடியில் வேறொரு வகைப் பிழை காத்திருக்கின்றது. மாரனைத் தானம் முதலிய அறங்களால் வென்றார் என்பது அங்குள்ள செய்தி. “தானாதியாம் அறமதால் முனிவேந்து வென்ற” என எழுதினாற் சந்தம் வழுவாது, பொருளும் வழுவாது. ஆனால் பாடும்போது மகரம் அடுத்த சொல்லோடு ஏறித் “தானாதியா மறமதால்” என ஒலிக்கும். அறத்தால் வென்றவர் மறத்தால் வென்றவராகிவிடுவார். பாடலின் கருத்து முழுவதும் தலைகீழாகும். இத்தகைய பிழையை எழுதினவன் கண் காணாது. ஏட்டைப் பாராத ஒருவரை அருகிலிருத்திப் பாடிக் காட்டி, அவர் கேட்டதை எழுதச் செய்தால் உடனே வெளிப்படும். “தானக் குணத்தொகுதியால்” என மாற்றினால் அம்மயக்கம் நீங்குகின்றது. ‘தொகுதி’ என்ற சொல் ‘முதலிய’ என்பதன் பொருளையும் ஒருவாறு தாங்குகின்றது. அப்போது இறுதி இரண்டடிகளும் பின்வருமாறு அமையும்:

தானக் குணத்தொகுதியால் முனிவேந்து வென்ற
தேசால் உமக்கு வருமே ஜயமங்கலங்கள்.

இரண்டடியிலும் எட்டாம் எழுத்திற் சொல் முடிதலும், ஒவ்வோரடியும் 14 எழுத்தாதலும் எண்ணிக் காணலாம்.

எஞ்சிய பாடல்களில் இடர் தருவன இயற்பெயர்கள். பெயரை மாற்றவும் கூடாது, நீட்டவும் கூடாது. எடுத்துக்காட்டாக, மூன்றாம் பாடலின் முதலில் வரும் ‘நாளாகிரி’யின் ஈற்றெழுத்துக் குறில், சந்தமோ அங்கே குருவை வேண்டுகின்றது. பாளியில் வேற்றுமையுருபாய் வரும் ‘ம்’ என்ற ஒலி அதனைக் குருவாக்கியது. ‘நாளாகிரி யானை’ என்று தமிழில் எழுதினால் அவ்விடம் தளரும். ‘நாளாகிரிக் களிறு’ என்றெழுதினால் வல்லெழுத்து மிகுதலால் வந்த ககரவொற்று அக்குறையை நிரப்பிவிடும். பாளி உருபினாற் செய்ததைத் தமிழ் புணர்ச்சியினாற் செய்கின்றது. ஆனால் எல்லாப் பெயரும் இவ்வாறு இசைந்துவராது. இசையாத இடத்துப் பெயரை அவ்வடியிலேயே வேறு நிலைக்கு நகர்த்துதல் வேண்டும். அதனால் மூலத்தின் சொல்வரிசை குலையும். முதல் மூன்றடிகளில் அது பொறுக்கத்தக்கது. ஏனெனில் அவை ஒவ்வொரு முறையே பாடப்படுவன. நான்காம் அடியோ எட்டு முறை வருவது. அங்கே ஒரு சிறு தளர்ச்சியும் எட்டு மடங்காகும்.

ஆகவே இக்காதையைப் பெயர்க்கப் புகுவோன் முதற் பாடலின் முதலடியிலிருந்து தொடங்குதல் தகாது. நான்காம் அடியை முதலில் அமைத்து, அதனோடு பொருந்த மூன்றாம் அடியின் ஈற்றை நிறுத்தி, அதன் பின்னரே மேல்நோக்கிச் செல்லல் வேண்டும். வெற்றிகளைக் கூறும் அடிகளில் அடைமொழி ஒன்று குறையின் கதை குறையாது. ‘உமக்கு’ என்ற சொல் குறையின், மேடையில் நிற்கும் இருவரும் தமக்குரிய வாழ்த்தைப் பெறாது பிறருடைய வெற்றிகளைக் கேட்டுச் செல்வோராவர்.