சொல்லாமல் கற்பிக்கப்படுவது

பள்ளிக்கூடம் சொல்லித் தருவதால் மட்டுமன்றி, சொல்லாமல் விடுவதாலும் கற்பிக்கிறது என்றார் அமெரிக்கக் கல்வியியலாளர் எலியட் ஐஸ்னர். 1979இல் வெளிவந்த நூலில் அவர் விளக்கிய இதனை நாம் சூனியக் கலைத்திட்டம் என்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரு பாடநூலில் அடக்க முடியாது என்பது நியாயமே. ஆனால் இடமின்மை வேறு, மௌனம் வேறு. பக்கத்திலுள்ள விடயத்துக்கு இடமிருந்து, இதற்கு மட்டும் இல்லாவிட்டால் அது மௌனம்.

1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களை விரட்டியதையும், செனரத் மன்னன் அவர்களைக் கிழக்கில் குடியேற்றியதையும் நாங்கள் வகுப்பில் படித்தோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியது பற்றி ஒரு பந்திகூடப் படிக்கவில்லை. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அகதியானார்கள். எருக்கலம்பிட்டி உட்பட மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாகின. சனங்கள் வள்ளமேறிக் கற்பிட்டியில் போய் இறங்கினார்கள். நானூறு வருஷத்துக்கு முந்திய விரட்டல் பாடமாகிறது. உம்மா வாப்பா கண்ட விரட்டல் பாடமில்லை.

விளைவு என்ன? புத்தளத்தில் பிறந்து மன்னாருக்குத் திரும்பிய பிள்ளையைப் பார்த்து, "நீங்க வெளியூர் ஆக்கள்தானே" என்று பக்கத்து வாங்குப் பிள்ளை கேட்கும். அது பகையில்லை, அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். காணிக்கும் வாக்குக்கும் வழக்கு வரும்போது அதே கேள்வி பெரியவர்கள் வாயில் வேறு தொனியில் வரும்.

மொழிப்பாடத்திலும் இதுவே கதை. உமறுப்புலவரைச் சந்திக்கிறோம்; அரபுத்தமிழைச் சந்திப்பதில்லை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியிட்டு எழுத்தமைத்து, மார்க்கச் சட்டம் முதல் பாட்டு வரை எழுதிய ஒரு மரபு அது. எங்கட மூத்தம்மாமார் அதை வாசித்தார்கள். தமிழ் எழுத்து வாசிக்காதபடியால் அவர்களைப் 'படிக்காத ஆக்கள்' என்றே நாம் நினைக்கப் பழகிவிட்டோம்.

ஐஸ்னர் இன்னொன்றும் சொன்னார்: விடுபடுவது விடயம் மட்டுமல்ல, சிந்திக்கும் முறையும்தான். ஆகவே '1990 வெளியேற்றம்' என ஒரு வரி சேர்த்து மனனம் பண்ண வைத்தால் குறை தீராது. வெளியேறியவர், பார்த்து நின்ற தமிழ் அயலவர் ஆகிய இருவரின் வாய்மொழியையும் மாணவர் கேட்டுப் பதிந்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று ஒப்பிட வேண்டும்.

அந்த அளவுகோல் நமக்கும் உண்டு. காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையை நாம் வருஷாவருஷம் நினைவுகூர்கிறோம். அதே 1990இல் கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்ததை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்? அரசின் பாடநூலிடம் நாம் கேட்கும் பந்தியை, நம்முடைய மலர்களிலும் மேடைகளிலும் முதலில் எழுதிக் காட்டலாம்.