பச்சைக் கோடு எதைச் சொல்லவில்லை?

ஒரு கிகாபிட் இணைப்பின் பயன்பாட்டுக் கிராஃப் நாள் முழுவதும் ஏறி இறங்குகிறது. ஆனால் 114 மெகாபிட்டைத் தாண்டி ஒருமுறைகூடப் போவதில்லை. மாலை ஏழு மணிக்கு ஊரே வீடியோ பார்க்கும்போதும் அங்கேயே நிற்கிறது. இப்படி ஒரு கிராஃபைக் கண்டால் இணைப்பைச் சந்தேகிப்பதற்கு முன் கிராஃபைச் சந்தேகிக்க வேண்டும்.

காரணம் எளிய கணக்கு. சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டிலும் உள்ளே வந்த பைட்டுகளையும் வெளியே போன பைட்டுகளையும் எண்ணும் கவுன்டர்கள் இருக்கின்றன. எஸ்.என்.எம்.பி. என்பது அந்த எண்ணைத் தொலைவிலிருந்து கேட்டு வாங்கும் முறை, 1988இல் வந்தது. இன்றும் பலர் படிக்கும் `ifInOctets` என்ற பழைய கவுன்டர் 32 பிட் அகலமே கொண்டது. 429 கோடி பைட்டைத் தாண்டியதும் மறுபடி சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் கருவிக்கு, இரண்டு வாசிப்புகளுக்கு இடையே அது எத்தனை சுற்று சுற்றியது என்று தெரிய வழியில்லை. 429 கோடி பைட்டை 300 விநாடியால் வகுத்துப் பிட்டாக மாற்றினால் 114.5 மெகாபிட் வரும். அதற்கு மேல் ஒரு எண்ணை அந்தக் கருவியால் காட்டவே முடியாது. 100 மெகாபிட் காலத்தில் இது போதுமானதாக இருந்தது. முழு வேகத்திலும் ஒரு சுற்று முடிய 343 விநாடி ஆகும். கிகாபிட்டில் 34 விநாடியில் முடிந்துவிடுகிறது. `ifHCInOctets` என்ற 64 பிட் கவுன்டரைக் கேட்டால் தீரும் சிக்கல் இது. அதற்கு எஸ்.என்.எம்.பி.யின் இரண்டாம் பதிப்பாவது வேண்டும். முதல் பதிப்புக்கு 64 பிட் எண்ணே தெரியாது.

இதைப் பழைய கதை என்று தள்ளிவிட முடியவில்லை. மீஞ்சூரிலிருந்து பொன்னேரி, பழவேற்காடு வரை இணைய இணைப்பு கொடுக்கும் உள்ளூர் கேபிள்காரர்கள் பலர், நண்பர் ஒருவர் எப்போதோ போட்டுக்கொடுத்த அமைப்பை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். கோடு பச்சையாக ஓடும்வரை அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆனாலும் என் குறை இந்தக் கவுன்டர் சுற்றின் மீது இல்லை. ஒரு வரியை மாற்றினால் அது சரியாகிவிடும். எந்த வரியை மாற்றினாலும் சரியாகாத பிழை ஒன்று இருக்கிறது. பயன்பாடு குறைவாக இருந்தால் இணைப்பு நலமாக இருக்கிறது என்று நினைப்பதுதான் அது.

பழவேற்காட்டுப் பக்கம் கடலோரக் குப்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாலையோரக் கம்பத்துப் பெட்டி வரை ஃபைபர் வருகிறது. அங்கே ஒரு சிறிய சுவிட்ச். அதிலிருந்து சுமார் 60 மீட்டர் செம்புக் கேபிள், ஐஸ் கம்பெனி மாடியில் இருக்கும் இன்னொரு சுவிட்சுக்குப் போகிறது. மாடிச் சுவிட்சிலிருந்துதான் ஐஸ் கம்பெனிக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் இணைப்பு பிரிகிறது. இணையம் ஆமை வேகம் என்று வீடுகளிலிருந்து புகார். அலுவலகத்தில் கிராஃபைப் பார்ப்பவர் 24 மெகாபிட் ஓடுவதாகச் சொல்கிறார். கிகாபிட் இணைப்பில் அது இரண்டரை சதவீதம்கூட இல்லை. "லைன்ல லோடே இல்ல சார், உங்க வைஃபையப் பாருங்க" என்று பதில் போகிறது.

இப்போது மாடிச் சுவிட்சின் போர்ட்டைக் கேட்போம்:

```
snmpget -v2c -c COMMUNITY -m +EtherLike-MIB 192.0.2.11 \
  IF-MIB::ifHCInOctets.8 IF-MIB::ifHCInUcastPkts.8 \
  IF-MIB::ifInErrors.8 EtherLike-MIB::dot3StatsFCSErrors.8
```

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டு, முதல் வாசிப்பை இரண்டாவதிலிருந்து கழிக்க வேண்டும். கவுன்டரில் நிற்கும் மொத்த எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. பத்தாயிரம் பிழை என்றால் அது நேற்று வந்ததா, இரண்டு வருடத்தில் சேர்ந்ததா? வித்தியாசம்தான் செய்தி. நம் கணக்கில் 90 கோடி பைட்டு வந்திருக்கிறது. அதுதான் 24 மெகாபிட். நல்ல பாக்கெட் 9 லட்சம். பிழை 1,260. அத்தனையும் `dot3StatsFCSErrors` கணக்கில் விழுந்தவை. அதாவது ஃபிரேமின் கடைசியில் வரும் சரிபார்ப்பு எண் பொருந்தாமல் சுவிட்ச் தூக்கிப் போட்டவை.

ஆயிரத்துக்கு ஒன்றரைக்கும் குறைவுதானே என்று தோன்றும். செம்பு வழி கிகாபிட்டுக்கான தரநிர்ணயம், ஆயிரம் கோடி பிட்டுக்கு ஒரு பிட்டுக்கு மேல் கெடக்கூடாது என்கிறது. ஆயிரம் பைட்டு ஃபிரேம்களாகக் கணக்கிட்டால் பத்து லட்சத்துக்கு ஒன்றுகூடக் கெடக்கூடாது. இங்கே அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் கெடுகிறது. பாக்கெட் தொலைந்தால் அனுப்பும் கணினி நெரிசல் என்று நினைத்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இந்த இழப்புக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை மாத்திஸ் உள்ளிட்டோர் 1997இல் ஒரு சூத்திரமாகத் தந்தார்கள். போய்வரும் நேரம் 30 மில்லி விநாடி என்று வைத்து இந்த இழப்பை அதில் போட்டால், பழைய பாணி டி.சி.பி.யில் ஒரு பதிவிறக்கம் 13 மெகாபிட்டைத் தாண்டாது. ஆக 24 மெகாபிட் ஓடுவது, கேட்பவர்கள் குறைவு என்பதால் இல்லை. கேட்டதைக் கேபிள் கொடுக்கவில்லை. பிழைதான் பயன்பாட்டை அமுக்கி வைத்திருக்கிறது. அமுங்கிய பயன்பாட்டைக் காட்டி, பிழை இல்லை என்று நாம் சான்றிதழ் கொடுக்கிறோம். பயன்பாட்டுக் கிராஃபை மட்டும் வைத்துத் தொழில் செய்பவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இதுதான்.

சரி, அலுவலகத்தில் இருப்பவர் பிழைக் கவுன்டரையும் பார்த்திருந்தால்? அப்போதும் தெரிந்திருக்காது. அவர் கண்காணிப்பது கம்பத்துப் பெட்டிவரைதான். அந்தச் சுவிட்சில் பிழை சுழியம்; அது பொய்யும் இல்லை. ஃபிரேம் கெட்டதை எண்ணுவது அதைப் பெறும் பக்கம் மட்டுமே. அனுப்பிய போர்ட்டைப் பொறுத்தவரை ஃபிரேம் நல்லபடியாகக் கிளம்பிவிட்டது. வழியில் என்ன ஆனது என்று அதற்கு யாரும் திரும்பிச் சொல்வதில்லை. வீடுகளுக்குப் போகும் பதிவிறக்கம் மாடிச் சுவிட்சில்தான் வந்து இறங்குகிறது. கெட்டதும் அங்கேதான் தெரியும். இரண்டு முனையையும் படிக்காதவரை ஒரு கேபிளைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

இந்த எண்களை நாள் முழுக்க வரைந்தால் இன்னொரு விஷயமும் தெரியவரும். பிழையின் எண்ணிக்கையை வரையாமல், பாக்கெட்டுக்கு எத்தனை பிழை என்ற விகிதத்தை வரைய வேண்டும். எண்ணிக்கை மாலையில் ஏறும். போக்குவரத்து கூடுவதால் அது இயல்பு. விகிதம் பின்னிரவில், யாரும் பயன்படுத்தாத மூன்று நான்கு மணிக்கு ஏறி, வெயில் ஏறியதும் இறங்கினால் அது ஈரம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஊர்களில் உப்புக் காற்று எந்தப் பெட்டிக்குள்ளும் புகுந்துவிடும். ஆர்.ஜே.45 கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பித்தளை நிறம் போய்ப் பச்சை படிந்த முனைகள் இருக்கும். பனி இறங்கியதும் அந்தப் படிவு ஈரமாகிச் சிக்னலைக் கெடுக்கிறது. பகலில் போய்ச் சோதித்தால் எல்லாம் நன்றாக இருக்கும். ஆளை அனுப்பியவருக்கும் போய் வந்தவருக்கும் சண்டை மிஞ்சும். எஸ்.என்.எம்.பி.யின் உண்மையான பலம் இங்கேதான் என்பேன். ஆள் போக முடியாத மூன்று மணிக்கும் அது கேட்டுக்கொண்டிருக்கிறது.

கண்டுபிடிப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். ஒரே நேரத்தில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்று இறங்கி வருவது நம் வழக்கம். எது கெட்டது என்று பிறகு தெரியவே தெரியாது. முதலில் கேபிளை அதே சுவிட்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பத்து நிமிடம் கவுன்டரைப் பார்க்க வேண்டும். பிழை கேபிளோடு கூடவே வந்தால் போர்ட் குற்றவாளி இல்லை. அடுத்து, பிழையை எண்ணும் முனையின் கனெக்டரை வெட்டிவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும், மறுபடி கவுன்டர். முழுக் கேபிளையும் இழுப்பது கடைசி வேலை.

எல்லாப் பிழையும் ஈரம் இல்லை. `ifOutDiscards` ஏறினால் கேபிளைத் தொடவே வேண்டாம்; அந்தப் போர்ட் வழியே போக வேண்டியவை அதன் கொள்ளளவுக்கு மேல் குவிந்து, இடமில்லாமல் கொட்டப்பட்டவை அவை. ஐந்து நிமிடச் சராசரி இதை அழகாக மறைக்கும். பத்து விநாடி முழு வேகத்தில் ஓடி மீதி நேரம் சும்மா இருந்த போர்ட், சராசரியில் மூன்று சதவீதம் என்று வரும். சராசரி மறைத்ததை இந்த ஒரு கவுன்டர் காட்டிக்கொடுக்கும். பிழையையும் கொட்டியதையும் ஒன்றாகக் கூட்டி "எரர்ஸ்" என்று ஒரே கோடாக வரையும் கருவிகளை நான் நம்புவதில்லை. ஒன்றுக்கு மருந்து கிரிம்பிங் டூல், மற்றதற்கு மருந்து பெரிய இணைப்பு.

இந்த முறைக்கும் பலவீனங்கள் உண்டு. அனல் மின் நிலையங்கள் பக்கத்திலேயே இருந்தாலும் கடலோரக் குப்பங்களில் மின்சாரம் போய் வரும். சுவிட்ச் அணைந்து எழுந்தால் கவுன்டர்கள் சுழியமாகிவிடும். சில கருவிகள் இதைக் கவுன்டர் சுற்று என்று எண்ணி இல்லாத வேகத்தை வரையும். `sysUpTime` மதிப்பையும் சேர்த்துப் படித்தால் இதைத் தவிர்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததுபோன்ற நாட்களில் பிரச்சினை வேறு. கேள்வி போவதும் பதில் வருவதும் அதே இணைப்பு வழியே. அது விழுந்தால் கவுன்டரும் ஊமை. அந்த இடைவெளியைச் சுழியமாக வரையும் கிராஃப், "போக்குவரத்து இல்லை" என்று பொய் சொல்கிறது. வெற்றிடமாக விடுவதே நேர்மை.

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் டான்ஃபினெட் வழியே நடக்கிறது. இனி பழுது பெரும்பாலும் ஃபைபர் முடியும் இடத்துக்கு அப்பால், கடைசிச் செம்புக் கேபிளில்தான் இருக்கும். ஆனால் நாம் பணம் போடும் விதம் தலைகீழ். அலுவலகத்தில் விலை உயர்ந்த சுவிட்ச். மாடியில், எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தெரியாத மலிவுப் பெட்டி. கெட்ட ஃபிரேமை எண்ணுவது பெறும் முனை என்பதால், எஸ்.என்.எம்.பி. தெரிந்த சுவிட்ச் முதலில் போக வேண்டிய இடம் அந்த மாடிதான். இணைப்பு கொடுப்பவர்கள் அடுத்த முறை பெட்டி வாங்கும்போது வரிசையை மாற்றி வாங்குங்கள்.