காற்று வேறு, குரல் வேறு

ஒலிநூலுக்காக ஒருவர் ‘எப்படிப் போனாய்’ என்று வாசிக்கிறார். ‘ப்போ’ வருமிடத்தில் மட்டும் ஸ்பீக்கர் ‘தொப்’பென்று அதிர்கிறது. இந்தக் கோளாறுக்கு மூன்று மருந்துகள் உண்டு: மைக்குக்கு முன் வைக்கும் பாப் ஃபில்டர், வாய் இருக்கும் கோணம், பதிவு முடிந்தபின் ஹை-பாஸ் ஃபில்டர். வீட்டில் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் முதலாவதை வாங்கி மாட்டிவிட்டு, மிச்சத்தை மூன்றாவதின் தலையில் கட்டிவிடுகிறார்கள். இரண்டாவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வேலையில் பெரும்பங்கை அதுவே செய்யும் என்பது என் கணிப்பு.

உள்ளங்கையை வாய்க்கு நேரே நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்து ‘பா’ என்று அழுத்திச் சொல்லிப் பாருங்கள். காற்று கையில் அடிக்கும். கையைக் கன்னத்துப் பக்கமாக நகர்த்தினால் காற்று படாது. குரலோ முன்போலவே கேட்கும். மூடிய உதடு திறக்கும்போது காற்று நேர்க்கோட்டில் குறுகலாகப் பாய்கிறது, ஒலி நாலாபுறமும் பரவுகிறது. மைக்கின் சவ்வை உதைப்பது அந்தக் காற்றுதான். ஆகவே காற்று போகும் பாதையிலிருந்து மைக்கை விலக்கிவிட்டால் குரலில் எதையும் இழக்காமல் தொப்பொலி போய்விடும்.

விலக்குவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மைக்கை வாயிலிருந்து சுமார் 15 செ.மீ. தூரத்தில், 30 பாகை பக்கவாட்டில் வைக்க வேண்டும். ஆனால் மைக்கின் முகம் வாயையே பார்க்க வேண்டும். வாய் மைக்கைத் தாண்டிப் பேசும், மைக் வாயைத் தவறவிடாது. மைக்கின் முகத்தையும் சேர்த்துத் திருப்பிவிட்டால் குரல் மங்கும். 45 பாகையைத் தாண்டினால் மைக் சரியாகப் பார்த்தாலும் ‘ச’, ‘ஸ’ போன்றவற்றின் கூர்மை குறையும், ஏனென்றால் உச்ச ஒலிகள் வாய்க்கு நேர்முன்னேதான் அதிகம். இந்த முறையின் நிஜமான பலவீனம் மனிதரிடம் இருக்கிறது. மைக் பக்கவாட்டுக்குப் போனதும் வாசிப்பவரின் முகமும் தன்னையறியாமல் அதைத் தேடித் திரும்பும். பத்துப் பக்கம் வாசிப்பதற்குள் கோணம் காணாமல் போயிருக்கும். பிரதியை மைக்குக்கு அருகில் வைக்காமல், வாய் பார்க்க வேண்டிய திசையில் நேரே நிறுத்தினால் கண் முகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பாப் ஃபில்டரைக் குறைத்துச் சொல்லவில்லை. நைலான் வலை காற்றை முழுக்கத் தடுப்பதில்லை, அதன் பாய்ச்சலைச் சிதறடிக்கிறது. சிதறிய காற்று அடங்க வலைக்கும் மைக்குக்கும் இடையில் ஐந்து முதல் எட்டு செ.மீ. வரை இடைவெளி வேண்டும். வலையை மைக்கோடு ஒட்டிவைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்த இடைவெளி இல்லாமல் விலையுயர்ந்த வலையும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். வாசிப்பவர் மைக்கை மிகவும் நெருங்கிவிடாமல் காக்கும் வேலியாகவும் அது பயன்படுகிறது. நீண்ட பதிவில் இந்தப் பயனே பெரிது.

இவ்வளவுக்குப் பிறகும் தப்பி வருவதற்குத்தான் ஹை-பாஸ். தொப்பொலியின் வலு பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும். லேப்டாப் ஸ்பீக்கரில் அது தெரியாது, ஹெட்ஃபோனில்தான் பிடிபடும். பதிவு முழுவதற்கும் 150-இல் வெட்டிவிடுவது சோம்பேறித்தனம். ஆண்குரலின் அடித்தளம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்பதால் மொத்தக் குரலும் மெலிந்துவிடும். முழுப் பதிவுக்கு 80 போதும். தொப்பொலியை அந்த இடத்தில் மட்டும் தொட வேண்டும்.

நம் ‘எப்படிப் போனாய்’ இதற்கு வசதியான உதாரணம். ‘ப்ப்’ உச்சரிக்கும்போது உதடு மூடியிருக்கும் நேரம் அலைவடிவத்தில் மௌனமாகத் தெரியும். அதையடுத்து, மற்ற அலைகளைவிட அகன்று ஒருபக்கமாகச் சாயும் மேடு ஒன்று வரும். மௌனத்தின் நடுவிலிருந்து அந்த மேடு முடியும் வரை தேர்ந்தெடுங்கள். ஆடாசிட்டியில் High-Pass Filter திறந்து, Frequency (Hz) 160, Roll-off 12 dB எனக் கொடுக்கலாம். இடது விளிம்பு மௌனத்தில் விழுவதால் அங்கே ஒட்டுத் தெரியாது. வலது விளிம்பு ‘ஓ’ உயிருக்குள் விழுகிறது. அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டாவிட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். 24, 48 என்று சரிவைக் கூட்டினால் அலை இடம்பெயர்ந்து அந்த ஒட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். அதனால்தான் மென்மையான சரிவு. திருத்திய ‘போ’ பக்கத்து எழுத்துகளைவிட ஒல்லியாகக் கேட்டால் 160-ஐ 120-க்கு இறக்குங்கள்.

கம்ப்ரஸர் போடுவதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொப்பொலியைக் கண்டு கம்ப்ரஸர் குரலை அமுக்கிவிடும், ‘னாய்’ பள்ளத்தில் விழுந்ததுபோலக் கேட்கும். மேட்டின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் பதிவின்போதே அளவு மீறிவிட்டது என்று பொருள். காற்று அடித்த நேரத்தில் குரலின் நுணுக்கம் பதிவாகவே இல்லை. எந்த ஃபில்டரும் அதை மீட்டுத் தராது. அதே அமர்வு முடிவதற்குள், மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுக்கு நகர்த்தி, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லிவிட வேண்டும்.