ஒரே வகுப்பு, இரண்டு வீடுகள்

2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொன்னது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தொழிற்பேட்டைத் தொழிலாளியின் மகளும் வங்கி அதிகாரியின் மகனும் எல்.கே.ஜி.யில் ஒரே பெஞ்சில் உட்கார இந்தச் சட்டம் வழிசெய்தது. இது பெரிய சாதனைதான். டெல்லிப் பள்ளிகளை ஆராய்ந்த பொருளியலாளர் கௌதம் ராவ், ஏழைப் பிள்ளைகளோடு படித்த வசதியான பிள்ளைகள் தாராள மனமும் பாகுபாடு குறைந்த போக்கும் கொண்டிருந்ததைக் கண்டார்.

ஆனால் பெஞ்ச் ஒன்றானதும் படிப்பும் ஒன்றாகிவிடுவதில்லை. நான்காம் வகுப்பில் நீர்ச் சுழற்சிக்கு ஒரு ‘ப்ராஜெக்ட்’ கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். வங்கி அதிகாரி வீட்டில் அப்பா இணையத்தில் படம் தேடிப் பிரிண்ட் எடுக்கிறார், தெர்மாகோல் வெட்டுகிறார். வெட்டிக்கொண்டே மேகம் எப்படி உருவாகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லியும் கொடுக்கிறார். இன்னொரு வீட்டில் அப்பா இரவு ஷிப்டு. அம்மாவுக்கு டைரியில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பது புரியவில்லை. சிறுமி சார்ட் அட்டையில் தானே வரைந்து வருகிறாள். ஆசிரியர் இருவருக்கும் ஒரே அளவுகோலில்தான் மதிப்பெண் போடுகிறார். அங்கே வஞ்சனை எதுவும் இல்லை. ஆனாலும் அவர் மதிப்பிட்டது ஒரு பிள்ளையின் அப்பாவை, மற்றொரு பிள்ளையின் தனிமையை.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதைத்தான் பண்பாட்டு மூலதனம் என்றார். வீட்டில் கிடைக்கும் மொழி, பழக்கம், தன்னம்பிக்கை ஆகியவற்றைப் பள்ளி தான் கற்றுத்தராமலே எல்லாரிடமும் எதிர்பார்க்கிறது. பிறகு அதைத் திறமை என்று பெயரிட்டுப் பரிசளிக்கிறது. பின்தங்கிய பிள்ளையும் தனக்கு மண்டையில் ஏறவில்லை என்றே நம்பிவிடுகிறாள். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

பூர்தியூவின் விளக்கத்துக்கும் எல்லை உண்டு. வீடு தந்ததைப் பள்ளியால் மாற்றவே முடியாது என்றால், தமிழ்நாட்டின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் எங்கிருந்து வந்தார்கள்? பள்ளி தானே முன்வந்து கற்றுத்தரும் இடத்தில் அந்தச் சங்கிலி அறுகிறது.

25 சதவீத ஒதுக்கீட்டின் குறையும் இங்கேதான். அரசு பள்ளிக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருகிறது. வீட்டுக்குள் நடக்கும் பாதிப் படிப்பை அது தொடவில்லை. அந்த உதவியும் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளை, கஷ்டப்பட்டுப் பழகிய பள்ளியை விட்டு வேறு பள்ளி தேட வேண்டியதுதான்.

1, 2-ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே நியாயம் நான்காம் வகுப்புக்கும் பொருந்தும். தலைமையாசிரியர்களே, ப்ராஜெக்ட்டை வகுப்பறையிலேயே, பள்ளி தரும் அட்டையிலும் பசையிலும் செய்ய வையுங்கள். டைரிக் குறிப்பைத் தமிழிலும் எழுதுங்கள். பெற்றோர் கூட்டத்தை ஷிப்டுத் தொழிலாளிக்கும் தோதான நேரத்தில் வையுங்கள். இதற்கெல்லாம் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.