தடைக்காலத் தவணை

ராமநாதபுரம், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துக் கல்லூரி மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டக்கட்டுரைகளில் ஒரு தலைப்பு அடிக்கடி கண்ணில் படும்: மகளிர் சுயஉதவிக் குழுக்களும் பெண்களின் பொருளாதார மேம்பாடும். ஒன்றியத்தின் பெயர் மட்டும் மாறும். நூறு பெண்கள், நூறு வினாத்தாள், சதவீத அட்டவணைகள், கைவர்க்கச் சோதனை ஒன்று, காரெட் தரவரிசை ஒன்று. கடைசி அத்தியாயத்தில் வசூல் கிட்டத்தட்ட முழுமையாக இருக்கிறது, பெண்கள் தன்னம்பிக்கை பெற்றிருக்கிறார்கள், அரசு கூடுதல் பயிற்சி தர வேண்டும் என்று மூன்று முடிவுகள். களத்துக்குப் போகாமலே எழுதிவிடக்கூடிய முடிவுகள் இவை.

தலைப்பின் மேல் குறையில்லை. இந்தக் கரையில் இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைப்பதும் கடினம். 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் தொடங்கிய குழுத் திட்டம் அடுத்த சில ஆண்டுகளிலேயே ராமநாதபுரத்துக்கும் வந்துவிட்டது. நபார்டு 1992-இல் குழுக்களை வங்கியோடு இணைக்கும் சோதனையைத் தொடங்கியது. 1997-98-இல் மகளிர் திட்டம் வந்தது. ஆய்வு செய்யும் மாணவியின் அம்மா பெரும்பாலும் ஏதோ ஒரு குழுவில் இருப்பார். வெளியூர் ஆய்வாளருக்கு ஆறு மாதம் பழகினாலும் கிடைக்காத கணக்குப் புத்தகம் இவளுக்கு வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு, யாரோ தயாரித்த வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு தெரியாத தெருவுக்குப் போகிறாள் என்பதுதான் என் முதல் வருத்தம்.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கும்? பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் மாதாமாதம் போடும் சேமிப்பு, அதிலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுத்த உள்கடன், அதற்கு நூற்றுக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ வட்டி, யாருக்கு எதற்காகக் கொடுத்தது என்ற தீர்மானம். இரண்டு ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கி வட்டியோடு ஒப்பிட்டு இதைக் கொள்ளை என்று எழுதிய மாணவர்களும் உண்டு. ஆனால் அந்த வட்டி வெளியே போவதில்லை. குழுவின் பொதுநிதியில் சேர்ந்து, கடன் வாங்கியவளுக்கும் பங்கு உள்ள பணமாக நிற்கிறது. பிள்ளைக்குப் பீஸ் கட்ட, ஆஸ்பத்திரிக்குப் போக, யாரிடமும் கையெழுத்துக்கு அலையாமல் அன்று மாலையே மூவாயிரம் ரூபாய் கிடைப்பதுதான் குழு முறையின் உண்மையான பலம். சுழல் நிதியும் வங்கிக் கடனும் இதன் மேல் ஏறி வந்தவை.

இதே 24 சதவீதம் இன்னொரு வழியாகவும் அதே வீட்டுக்குள் வருகிறது. தனியார் நுண்கடன் நிறுவனங்களும் பெண்களைக் கூட்டாகச் சேர்த்தே கடன் கொடுக்கின்றன. ஊரில் அதையும் ‘குழுக் கடன்’ என்றுதான் சொல்வார்கள். அங்கே சேமிப்பு இல்லை, பொதுநிதி இல்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்ற பொறுப்பு மட்டும் உண்டு. வினாத்தாளில் ‘நீங்கள் குழுவில் கடன் வாங்கியிருக்கிறீர்களா?’ என்று கேட்டால் இரண்டுக்கும் ஆம் என்றே பதில் வரும். இரண்டையும் ஒரே கட்டத்தில் கூட்டிய அட்டவணையால் ஒரு பயனும் இல்லை.

வட்டியையும் வாய்வார்த்தையாகக் கேட்டு எழுதக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40,000 ரூபாய் கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் இரண்டு ஆண்டு வட்டி 9,600. மாதத் தவணை 2,067. காப்பீடு, செயல்பாட்டுக் கட்டணம் என்று ஆயிரம் பிடித்துக்கொண்டு கையில் 39,000 கொடுத்தால் உண்மையான ஆண்டு வட்டியை எக்செல்லில் இப்படிப் பார்க்கலாம்:

```
=RATE(24,-2067,39000)*12
```

விடை ஏறக்குறைய 24 சதவீதம். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ முதல் நாள் தொகைக்கே போடப்படுகிறது, அதோடு ஆயிரம் ரூபாய்ப் பிடித்தமும் சேர்கிறது என்பதால் பன்னிரண்டு இருபத்து நான்காகிறது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகளின்படி, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதத்தைக் காட்டும் விவரத்தாளைக் கடன் வாங்குபவருக்குக் கொடுத்தாக வேண்டும். குடும்பத்தின் மொத்தக் கடன் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதே களப்பணி. ‘வட்டி நியாயமானதா? மிகவும் ஒப்புக்கொள்கிறேன் / ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஐந்து கட்டம் போடுவது களப்பணி ஆகாது.

இனி கடலுக்கு வருவோம். தவணை மாதாமாதம் ஒரே தேதியில் வரும். கடல் வருமானம் அப்படி வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் மழையும்; கருவாடு காயாது. நடுவில் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துவிட்டால் வேலைநிறுத்தம். பாம்பனில் ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம். கணவர் விசைப்படகில் கூலி, மனைவி ஏலத்தில் மீன் எடுத்துக் கருவாடு போடுகிறார். வங்கி இணைப்புக் கடனுக்கு மாதம் 1,300 ரூபாய், மேலே சொன்ன தனியார் கடனுக்கு 2,067, ஆக 3,367. தடைக்காலத்தில் இரண்டு தவணை வந்தால் 6,734. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 2023-இல் அறிவித்தபடி 8,000 ரூபாய். தவணை போக மிச்சம் 1,266. இரண்டு மாதச் சாப்பாட்டுக்கு அதுதான். அப்போது தண்டல்காரரிடமோ அடகுக்கடையிலோதான் போய் நிற்க வேண்டும். ஆனால் குழுவின் பதிவேட்டில் தவணை தவறவில்லை. வசூல் நூற்றுக்கு நூறு. மாணவியும் அதைத்தான் எழுதுகிறாள்.

தவணையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. எரிக்கா ஃபீல்டு, ரோகிணி பாண்டே முதலியோர் கொல்கத்தாவில் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நுண்கடன் வாங்கிய ஒரு பிரிவினருக்கு முதல் தவணைக்கு முன் இரண்டு மாத அவகாசம் கிடைத்தது. அவர்கள் தொழிலில் அதிகம் முதலீடு செய்தார்கள், பின்னாளில் வருமானமும் கூடியது. ஆனால் கடன் தவறியவர்களும் கூடினார்கள். அந்த அவகாசம் கடனின் தொடக்கத்தில் வந்தது. இங்கே வேண்டியது ஆண்டின் நடுவில். எனவே விடையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ராமேஸ்வரத்தில் ஒரு மாணவர் கேட்க வேண்டிய கேள்வி இதற்குள்தான் இருக்கிறது: தடைக்காலத்தில் உள்கடன் தவணையைத் தள்ளி வைத்த குழுக்கள் உண்டா, அவற்றின் பொதுநிதி பிறகு தேறியதா?

கடலின் நாள்காட்டிக்கு ஒத்துப்போன கடனும் இந்தக் கரையில் இருந்தது. 2000-க்குப் பின் மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பகுதிகளில் பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் காப்பாபைகஸ் பாசி வளர்ப்பு பரவியது. நுட்பம் மண்டபத்து உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்துடையது; குழுக்களுக்குக் கடன் கொடுத்தது பாரத ஸ்டேட் வங்கி. பன்னிரண்டடிச் சதுர மூங்கில் மிதவையில் பாசித் துண்டுகளைக் கட்டிக் கடலில் விட்டால் 45 நாளில் அறுக்கலாம். ஒருவருக்கு 45 மிதவை என்று வைத்ததில்தான் சூட்சுமம்: நாளுக்கு ஒரு மிதவை அறுவடை. சுமார் 260 கிலோவில் 60 கிலோவை மறுபடி விதையாகக் கட்டிவிட்டு 200 கிலோவைக் காயவைத்தால் 20 கிலோ உலர்பாசி. நாள்தோறும் காசு பார்க்கும் தொழிலுக்கு மாதத் தவணை பாரமாக இருக்கவில்லை. வேலை இல்லாத மாதத்துக்குத் தவணை கட்டும் அவஸ்தை பெருமளவு தீர்ந்தது.

பிறகு 2013-இல் கடல் நீர் சூடேறிப் பாசி கூட்டம் கூட்டமாக அழிந்தது, உற்பத்தி விழுந்தது. கூட்டுப் பொறுப்பு என்ற ஏற்பாட்டின் எல்லை அங்கே தெரிந்துவிட்டது. ஐந்து பேர் கொண்ட பாசிக் குழுவில் ஒருத்திக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மற்ற நால்வர் அவள் தவணையைத் தாங்கலாம். ஐந்து பேரின் பாசியும் ஒரே வாரத்தில் வெளுத்தால் யார் யாரைத் தாங்குவது? எல்லோரும் ஒரே தொழில், ஒரே கடல், ஒரே கொள்முதல்காரர். வேறு வேறு தொழில் செய்யும் பெண்கள் கலந்த குழுவும் ஒரே தொழில் செய்யும் குழுவும் கெட்ட ஆண்டில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதை ஒப்பிட்டாலே நல்ல திட்டக்கட்டுரை கிடைத்துவிடும். ‘ஒத்த தொழிலினர் சேர்ந்த குழுவே வலுவானது’ என்று பாடப்புத்தகத்தில் படித்ததைச் சோதித்துப் பார்த்ததாகவும் இருக்கும்.

ஆய்வு முறையில் இரண்டு பிழைகள் எனக்குப் பெரியவையாகப் படுகின்றன. முதலாவது, மாதிரி எடுக்கும் விதம். ஊக்குநரிடம் பட்டியல் வாங்கி, அவர் கூட்டித்தந்த இடத்தில், அவர் அருகில் நிற்கும்போதே கேட்கிறோம். பட்டியலில் இருப்பவை இன்றும் உயிரோடு இருக்கும் குழுக்கள்; கலைந்துபோன குழுவும் விலகிப்போன உறுப்பினரும் அதில் இல்லை. தேறியவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டுத் தேர்ச்சி விகிதம் எழுதுகிறோம். பழைய தீர்மானப் புத்தகத்தில் முதல் கூட்டத்தின் கையெழுத்துகளையும் கடைசிக் கூட்டத்தின் கையெழுத்துகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விலகியவர்கள் யார் என்று தெரிந்துவிடும். அவர்கள் அதே தெருவில்தான் இருப்பார்கள். வசூல் கணக்கிலும் ஒரு கண் வேண்டும்: 2021-இல் கூட்டுறவு வங்கிகளில் குழுக்கள் வாங்கிய கடன் தள்ளுபடியானது. அந்த ஆண்டின் புள்ளியை மற்ற ஆண்டுகளோடு கோடு போட்டு இணைக்கக் கூடாது.

இரண்டாவது பிழையை யாரும் கவனித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. இறுதிப் பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஆகவே வினாத்தாள் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் நிரப்பப்படுகிறது. மழை விட்டு, தடை தொடங்காத மாதங்கள் அவை; படகும் ஓடும், கருவாடும் காயும். அப்போது போய் ‘தவணை கட்டச் சிரமம் உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை தம்பி’ என்றுதான் சொல்வார்கள். ஆண்டுதோறும் நல்ல மாதத்தை மட்டும் அளந்துவிட்டு அதை ஆண்டு முழுமைக்குமான முடிவாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே வழிகாட்டும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூறு வினாத்தாளுக்குப் பதில் பத்துக் குடும்பங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். ஜூனில் ஐந்தாம் பருவம் தொடங்கும்போதே மாணவர் கையில் ஒரு நோட்டைக் கொடுங்கள். அப்போதுதான் தடை முடிந்திருக்கும், அந்த இரண்டு மாதத் தவணை நினைவில் இருக்கும், பாஸ்புத்தகத்தில் பதிவும் இருக்கும். ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு கேள்வி போதும்: ‘இந்த மாதத் தவணைப் பணம் எங்கிருந்து வந்தது?’ டிசம்பர் மழை வரை அதை எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகு முன்னுரையைத் தொடங்கட்டும்.